மயக்க மருந்தோடு செல்லும் கலோரி

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறார் என்பதை அறிய மறைமுகக் கலோரிமானியே சிறந்த வழி. அவர் உள்ளிழுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் அது அளக்கிறது. வியர் சமன்பாடு அவற்றைக் கிலோகலோரியாக மாற்றுகிறது. கருவி இல்லாத இடங்களில் உடல் நிறையை 25 ஆல் பெருக்கி இலக்கை வைக்கிறோம். அந்தக் கணக்குக்கு நோயாளி விழித்திருக்கிறாரா, ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறாரா என்பது தெரியாது.

பண்டத்தரிப்பிலிருந்து நியூமோனியாவோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஒருவர் அனுப்பப்பட்டதாக வைத்துக்கொள்வோம். நிறை 60 கிலோ. வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள். சூத்திரப்படி இலக்கு 1500 கிலோகலோரி. மில்லிலீற்றருக்கு ஒரு கிலோகலோரி தரும் குழாய் உணவு 1500 மில்லிலீற்றர் போகிறது. கூடவே ஒரு சதவீத புரொப்போபோல் மணிக்கு 15 மில்லிலீற்றர். அம்மருந்து பத்துச் சதவீதக் கொழுப்புக் குழம்பில் கரைந்தது, மில்லிலீற்றருக்கு 1.1 கிலோகலோரி. நாளுக்கு 360 மில்லிலீற்றர், அதாவது 396 கிலோகலோரி. உணவு அட்டவணையில் இது இல்லை. மருந்து அட்டவணையில்தான் இருக்கிறது. உண்மையில் அவர் பெறுவது 1896.

மயக்கம் ஆழமாகும்போது தசை ஓய்கிறது, சுவாச வேலை குறைகிறது, செலவும் குறைகிறது. வென்டிலேட்டர் காட்டும் காபனீரொட்சைட்டு நிமிடத்துக்கு 160 மில்லிலீற்றர் என்றால், அதை 8.19 ஆல் பெருக்கும்போது 1310 வருகிறது. சூத்திரம் செலவைக் கூட்டிச் சொல்கிறது, அட்டவணை வரவைக் குறைத்துச் சொல்கிறது. இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சாய்வதால் நோயாளி தேவையைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதலாகப் பெறுகிறார். இரத்தச் சர்க்கரையும் திரைகிளிசரைட்டும் ஏறுவதும், காபனீரொட்சைட்டு கூடி வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கத் தாமதமாவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

ஆனால் அளவீட்டையும் கண்மூடி நம்பக்கூடாது. குழாயின் கஃப் அருகே கசிவு இருந்தாலோ, வென்டிலேட்டர் அமைப்பைச் சற்றுமுன் மாற்றியிருந்தாலோ காபனீரொட்சைட்டின் எண் பொய் சொல்லும். கலோரிமானியிலோ, ஒட்சிசன் 60 சதவீதத்தைத் தாண்டினால் அளவீடு நம்பகமற்றது. சுவாச ஈவு 0.67க்குக் கீழோ 1.3க்கு மேலோ வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

புரொப்போபோலின் கலோரியைக் கழித்தால் குழாய் உணவு 914 மில்லிலீற்றராகும். நூறு மில்லிலீற்றரில் 4 கிராம் புரதம் உள்ள உணவானால் கிடைப்பது 37 கிராம்தான், கிலோவுக்கு 1.3 கிராம் என்றால் தேவை 78. ஆகவே உணவைக் குறைக்கும் அதே கட்டளையில் புரதத் தூளையும் எழுத வேண்டும்.

மருந்தை நிறுத்தும் நாளில் கணக்கு தலைகீழாகிறது. 396 கிலோகலோரி ஒரேயடியாக நின்றுவிடும், விழித்த உடலின் செலவோ கூடும். புரொப்போபோலுக்குப் பதில் மிடாசோலம் தொடங்கினாலும் கொழுப்பு நின்றுவிடும். உணவு வேகம் 914இலேயே இருந்தால் நோயாளி பட்டினிக்குள் போவார். எனவே மயக்க மருந்தின் வேகம் மாறும் ஒவ்வொரு தடவையும் உணவுக் கட்டளையைத் திருத்தி எழுதுவோம். கலோரிமானி இல்லாத பிரிவிலும், சிரிஞ்ச் பம்பில் தெரியும் மில்லிலீற்றர் கணக்கில் ஊகத்துக்கு இடமில்லை.