விரலைக் குத்தி எடுத்த நம்பர் எங்கே போயிற்று?

சீக்கு எதுவானாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் மிஸ்ஸி விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். சின்ன மெஷினில் ஒரு நம்பர் வரும். அதை சார்ட்டில் எழுதி வைப்பார்கள். பிறகு அந்த நம்பர் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டதுண்டா?

2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தப் பாதிப் பேரைப் பிடிக்கக்கூடிய இடங்களில் ஒன்று ஆஸ்பத்திரிக் கட்டில்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செம்பனை வெட்டும் 46 வயதுத் தொழிலாளி. காலில் முள் ஏறிச் சீழ் பிடித்து, காய்ச்சலோடு சேர்க்கிறார்கள். அன்று நம்பர் 13.4. சாதாரணமாக 7.8-க்குள் இருக்க வேண்டும். மருந்து ஏறி, ஐந்தாம் நாள் 6.9-க்கு இறங்குகிறது. "காய்ச்சல்ல ஏறியிருக்கும், ஒண்ணும் இல்லே" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இருக்கலாம். காய்ச்சலிலும் சீழிலும் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் ஏற்றும். ஆனால் முள் ஏறும் முன்பே இனிப்பு நீர் இருந்ததா என்பதை அந்த ஒரு சொட்டு சொல்லாது. அதைச் சொல்வது ஹெச்.பி.ஏ.ஒன்.சி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை. போன இரண்டு மூன்று மாதச் சர்க்கரை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை அளப்பது இது. நாலு நாள் காய்ச்சல் இதை அசைக்காது. நம் தொழிலாளிக்கு அது 7.9 என்று வந்தால், முள்ளுக்கு முன்பே நோய் இருந்தது என்று அர்த்தம். நம் நாட்டு டாக்டர்களின் 2020 வழிகாட்டியில் எல்லைக்கோடு 6.3. அதே 5.5 என்றால் காய்ச்சல் ஏற்றியதுதான். அப்போதும் உடம்பு தேறி ஆறு வாரம் கழித்து, வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம். ரத்த சோகை உள்ளவர்களுக்கும், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இந்தப் பரிசோதனை தப்பாகக் காட்டலாம். நம் பெண்களில் சோகை கொஞ்சமா? இவர்களுக்கு வெறும் வயிற்றுச் சோதனைதான் நம்பிக்கை. அதில் 7-ம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு நாளும் எடுத்து உறுதி செய்வார்கள்.

கோளாறு பரிசோதனையில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது என்பேன். வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் "கால் புண், மருந்து ஏழு நாள்" என்று இருக்கும், 13.4 இருக்காது. அதைப் படிக்கும் அரசாங்க கிளினிக் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அந்த ஆள் அடுத்த முள்ளுக்கு வரும்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டியதாகலாம். ஆகவே நம்பர், அந்த இரண்டாவது பரிசோதனை, கிளினிக்குக்குப் போகும் தேதி ஆகிய மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று சங்கம் ஆஸ்பத்திரிகளிடம் கேட்க வேண்டும். அதுவரை நாமே கேட்போம்: "மிஸ்ஸி, சேர்ந்த அன்னிக்கு என் சீனி எவ்வளவு? கடிதத்துல எழுதிக் கொடுங்க."