வேலையை விடட்டும்

"கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு யாராவது படிக்கப் போவார்களா?" பேரன் விஷயத்தில் வீடே இப்படிக் கேட்கிறது. நான் மட்டும் எதிர்க்கட்சி.

பையன் சிவில் இன்ஜினீயர். சம்பளம் 35,000. சைட் மேற்பார்வை போதும், பாலம் வடிவமைக்க வேண்டும் என்கிறான். கேட் தேர்வில் நல்ல மதிப்பெண். முழுநேர எம்.டெக். சேர்ந்தால் 24 மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மாதம் 22,600 குறையும், மொத்தம் 5,42,400. வீட்டார் கணக்கு இதோடு முடிகிறது.

பகுதிநேரம் என்றால் மூன்று வருடம். மாலையில் பாடம் கேட்கலாம், பரீட்சையும் எழுதலாம். ஆனால் எம்.டெக்கின் சாரமே கடைசியில் வரும் ஆய்வேடுதான். உத்திரம் வார்த்து, 28 நாள் க்யூரிங் முடித்து, பாரம் ஏற்றி உடைத்துப் பார்க்க வேண்டும். அதெல்லாம் பகல் வேலை. அன்றைக்கு சைட்டில் கான்கிரீட் போட்டால் இவன் எங்கே நிற்பான்? பிரெஞ்சில் படித்துக் குமாஸ்தாவான நானும் மாலை வகுப்புக்குப் போனவன்தான். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தால் வகுப்பு அம்போ!

இருக்கிற இடத்திலேயே பதவி உயர்வு வேண்டுமென்றால் பகுதிநேரம் போதும். வீட்டுக்கடன் தவணை இருந்தாலும் நானே தடுப்பேன். இவனுக்கு இரண்டும் இல்லை.

கேட் மதிப்பெண் மூன்று வருடம்தான் செல்லும். ஒன்று இந்த விவாதத்திலேயே போய்விட்டது.