ஒரே தகுதி, மூன்று கடிதங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் பலர் ஒரு கடிதத்தைச் செம்மையாக எழுதி வைத்துக்கொண்டு, பெறுநர் முகவரியை மட்டும் மாற்றி எல்லா இடங்களுக்கும் அனுப்புகின்றனர். இதில் நேரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் வங்கிக்கும், புதிதாகத் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்-அப் நிறுவனத்துக்கும், பொதுத்துறை நிறுவனத்துக்கும் ஒரே தொனியில் எழுதப்பட்ட கடிதம், மூன்றில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது எழுதியவருக்கு எதிராகவே பேசும் என்பது என் கருத்து. தொனி என்பதை மரியாதைச் சொற்களின் அளவு என்று பலர் கருதுகின்றனர். அக்கடிதத்தைப் படிப்பவர் பின்னர் யாருக்கு விடை சொல்ல வேண்டியவர் என்பதே தொனியைத் தீர்மானிக்கிறது.

அண்மையில் எம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளரான வணிகர் ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். அப்பெண் பி.காம். முடித்து, பட்டயக் கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அவர் கொண்டுவந்த கடிதத்தின் சாரம் நான்கு வாக்கியங்களில் அடங்கிவிடும். புகழ்பெற்ற தணிக்கை அலுவலகத்தில் சுமார் மூன்றாண்டு அனுபவம் உண்டு. கடின உழைப்பாளி, எதையும் விரைந்து கற்பவர். வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் சரக்கு அறிக்கையில் ஏழரை லட்சம் ரூபாய்ப் பிழையைக் கண்டுபிடித்தவர். அந்நிறுவனத்தின் பெயரும் கடிதத்தில் இருந்தது. தம் மாமா தங்கள் மதிப்புக்குரிய நிறுவனத்தில் பணியாற்றுகிறார் என்பது நான்காவது. "மூன்று இடத்துக்கும் இதுவே போதாதா சார்?" என்று கேட்டார். போதாது என்பதை விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்த நான்கு வாக்கியங்களையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன்.

வங்கியைப் பொறுத்தவரை, பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர், அதிகாரி பணிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடிதம் என்பதே இல்லை. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். விண்ணப்பதாரர் தம் கையால் எழுதிப் பதிவேற்ற வேண்டிய உறுதிமொழியின் வாசகத்தைக்கூட அவர்களே தந்துவிடுகின்றனர். அதைப் பெரிய எழுத்துகளில் எழுதக்கூடாது, பிறர் எழுதக்கூடாது என்பன விதிகள். எனவே இங்கு நான் கூறுவது தனியார் வங்கிகளுக்கும், நேரடியாகவும் ஒப்பந்த முறையிலும் ஆள் எடுக்கும் பணிகளுக்கும் பொருந்தும்.

அப்பெண் கண்ட பிழை நல்ல பிழை. நடைமுறை மூலதனக் கடன் பெற்ற வணிகர் மாதந்தோறும் வங்கிக்குச் சரக்கு அறிக்கை தருவார். அந்த மாதம் எவ்வளவு வரை பணம் எடுக்கலாம் என்னும் எடுப்பு வரம்பை அதிலிருந்து கணக்கிடுவோம். கையிருப்புச் சரக்கு 40 லட்சம், அதில் இன்னும் பணம் கொடுக்கப்படாத கொள்முதல் 10 லட்சம் என்றால், வணிகருக்கு உண்மையில் சொந்தமான சரக்கு 30 லட்சமே. அதில் 25 சதவீதத்தை விளிம்புத் தொகையாகக் கழித்தால் எடுப்பு வரம்பு 22.5 லட்சம். கடன்காரர்களுக்குத் தர வேண்டிய தொகையைக் கழிக்காமல் விட்டால் வரம்பு 30 லட்சம் என்று வரும். வித்தியாசம் ஏழரை லட்சம். இதைக் கண்டறிந்தவரை எந்தக் கடன் பிரிவு அதிகாரியும் நேர்காணலுக்கு அழைக்க விரும்புவார்.

ஆயினும் நிறுவனத்தின் பெயரைக் கண்டவுடன் அந்த விருப்பம் போய்விடும். வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியில் சொல்லாமை வங்கித் தொழிலின் அடிப்படைக் கடமை. இன்று தணிக்கையாளரின் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி எழுதுபவர், நாளை எம் வாடிக்கையாளரைப் பற்றி வேறோர் இடத்தில் எழுதமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? படிக்கும் அதிகாரி இதை வெளிப்படையாகச் சொல்லமாட்டார். கடிதத்தை ஒதுக்கி வைத்துவிடுவார். ஆகவே வங்கிக்கு அவர் மாற்றி எழுதிய வாக்கியம் இது: "சிறு வணிக நிறுவனம் ஒன்றின் சரக்கு அறிக்கையைச் சரிபார்க்கையில், பணம் கொடுக்கப்படாத சரக்கு கழிக்கப்படாமல் எடுப்பு வரம்பு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்ததைக் கண்டு, முதன்மைத் தணிக்கையாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்தேன், அறிக்கை திருத்தி அளிக்கப்பட்டது." பெயர் இல்லை. கண்டுபிடித்தேன் என்ற பெருமிதமும் இல்லை. உரியவரிடம், எழுத்து மூலம் என்ற சொற்கள் புதிதாக வந்திருக்கின்றன. வங்கியில் பிழையைக் காண்பது பாதி வேலை; அதை யாரிடம் எப்படிச் சொன்னார் என்பது மறுபாதி. கடின உழைப்பாளி என்பதை அடித்துவிடச் சொன்னேன். அதைத் தம்மைப் பற்றி எழுதாதவரை நான் இன்னும் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. கடன் அல்லது கடன் அட்டை நிலுவையைத் திருப்பிச் செலுத்தத் தவறியவர்கள் தகுதியற்றவர்கள் என்று சில வங்கிகளின் அறிவிப்புகளிலேயே குறிப்பிடப்படுகிறது. கல்விக் கடன் தவணை நிலுவையில் இருந்து பின்னர் தீர்க்கப்பட்டிருந்தால், கடிதத்தில் அதைப் பற்றி மன்றாட வேண்டாம். தீர்க்கப்பட்டதற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது ஒரே வாக்கியத்தில் தேதியுடன் சொல்வது நன்று.

ஸ்டார்ட்-அப் நிறுவனத்தில் கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் நிறுவனரோ, அப்பணியால் நேரடியாகப் பயன்பெறப் போகும் குழுத் தலைவரோதான். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை" என்று தொடங்கினால் அவர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். அவர் தேடுவது, தம்மிடம் தேங்கிக் கிடக்கும் வேலையை இவர் முடிப்பாரா என்பதையே. அவருக்கு எடுப்பு வரம்பு பொருளற்றது. அப்பெண்ணிடம் வேறொரு செய்தி இருந்தது. அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை! பதினான்கு வாடிக்கையாளர்களின் கொள்முதல் பதிவேட்டை மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையுடன் ஒப்பிடுவது அவர் பொறுப்பு. விற்றவர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் வாங்கியவருக்கு வரி வரவு அந்த அறிக்கையில் வராது. ஆதலால் இந்த ஒப்பீடு தவறினால் பணம் நிற்கும். முன்பு மூன்று நாள் ஆன வேலையை, தாமே அமைத்த எக்செல் தாளின் உதவியால் ஒரே நாளில் முடித்திருக்கிறார். ஸ்டார்ட்-அப்புக்கான கடிதம் இந்தச் செய்தியில்தான் தொடங்க வேண்டும்; மூன்று பத்திகளில் முடியவும் வேண்டும். நான் செய்தேன் என்று தன்வினையில் எழுதலாம். அதற்காக நண்பனுக்கு எழுதுவதுபோல் எழுதலாகாது. எளிமையை அலட்சியமாகக் கொள்ளும் கடிதங்கள் இப்போது பெருகிவருகின்றன.

பொதுத்துறை நிறுவனத்தின் நிலை முற்றிலும் வேறு. அங்கு கடிதத்தை முதலில் பார்ப்பவருக்கு விண்ணப்பதாரரைப் பிடிக்கவோ பிடிக்காமல் போகவோ உரிமை இல்லை. அவர் முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே உண்டு, இல்லை என்று குறிக்க வேண்டும். பின்னாளில் தேர்வு பெறாத ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விளக்கம் கேட்கலாம், நீதிமன்றமும் செல்லலாம். கோப்பில் நிற்கக்கூடிய சொற்களே அவருக்குத் தேவை. அவருக்கு உதவும் தொனி, உணர்ச்சி அற்ற தொனிதான். அறிவிப்பு எண், தேதி, பணியின் பெயர், அறிவிப்பில் உள்ள அதே வரிசையில் தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்பு எண். இதற்கு மேல் ஒரு பெயரடைகூட வேண்டியதில்லை. "தாழ்மையுடன் அடிபணிந்து" என்னும் பழைய வழக்கு பட்டியலில் எந்தக் கட்டத்தையும் நிரப்பாது.

"சுமார் மூன்றாண்டு" என்பது இங்கேதான் பெருந்தீங்கு செய்கிறது. அப்பெண் 1.7.2021 அன்று பணியில் சேர்ந்து 31.12.2023 அன்று விலகினார். அது இரண்டாண்டு ஆறு மாதம். தகுதி பெற்ற பின்னுள்ள அனுபவம் இரண்டாண்டு என்று அறிவிப்பில் இருந்தது. அவருடைய பட்டத் தேர்வு முடிவு வந்ததோ 15.9.2021 அன்று. சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட முடியாது. மதிப்பெண் பட்டியல் அல்லது தற்காலிகச் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்தே கணக்கிடுவர். எனவே ஏற்கத்தக்க அனுபவம் இரண்டாண்டு, மூன்று மாதம், 17 நாள். தகுதிக்கு அதுவே போதுமானது. ஆனால் சுமார் மூன்று என்று எழுதியிருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பின்போது உண்மைக்கு மாறான தகவல் தந்தவராகத் தோன்றியிருப்பார். தேவையான அனுபவம் உள்ளவரே தேவையற்ற மிகைச் சொல்லால் ஐயத்துக்கு ஆளாவதை என்னென்பது! மூன்றாண்டு கேட்டிருந்தால், எவ்வளவு அழகாக எழுதினாலும் பயன் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னேன்.

மாமாவைப் பற்றிய வாக்கியம்தான் மூன்று இடங்களின் வேறுபாட்டை நன்கு காட்டுகிறது. ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள் பலவற்றில், பணியாளர் தமக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைப்பது வரவேற்கப்படுகிறது. அதற்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களும் உள்ளன. அங்கு முதல் வரியிலேயே, இன்னார் வழியாக இப்பணியைப் பற்றி அறிந்தேன் என்று எழுதலாம். வங்கிக்கான கடிதத்தில் அது வேண்டாம். இயக்குநர்களுடனோ பணியாளர்களுடனோ உறவு உண்டா என்று படிவம் கேட்டால், அந்தக் கட்டத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். கேட்ட இடத்தில் சொன்னால் அது வெளிப்படைத்தன்மை. கேளாத இடத்தில் சொன்னால் செல்வாக்கைக் காட்டுவதாகும். பொதுத்துறை அறிவிப்புகளிலோ, எவ்வகைப் பரிந்துரையும் விண்ணப்பதாரரைத் தகுதியிழக்கச் செய்யும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். உறவினர் அங்கு முப்பதாண்டு உழைத்தவர் என்று பெருமைக்காக எழுதப்பட்டதும் அவ்வரியின்கீழ் வரக்கூடும். அப்பெண்ணின் தந்தைக்கு இது வியப்பாக இருந்தது. "சொந்தக்காரர் இருக்கிறார் என்று சொன்னால் நல்லதுதானே சார்?" என்று இருமுறை கேட்டார். அவர் தலைமுறையில் அது நல்லதாகவே இருந்திருக்கலாம்.

எப்போது பணியில் சேர முடியும் என்பதையும் இடமறிந்து எழுத வேண்டும். ஸ்டார்ட்-அப்புக்கு நாள் குறிப்பிட்டுச் சொல்லலாம். பதினைந்து நாளில் சேர முடியும் என்பது அங்கு ஒரு தகுதியாகவே கொள்ளப்படும். வங்கிக்கு, தற்போதைய பணியின் அறிவிப்புக் காலம் முடிந்து விடுவிப்புக் கடிதம் பெற்றபின் சேர்வேன் என்று எழுதுவதே பொருத்தம். உடனே விட்டு வருகிறேன் என்பவர், எம்மையும் அவ்வாறே விட்டுச் செல்வார் என்று தோன்றும். ஏற்கெனவே அரசுப் பணியிலோ பொதுத்துறையிலோ இருப்பவர் வேறு பொதுத்துறைப் பணிக்கு விண்ணப்பித்தால், உரிய வழியாக அனுப்ப வேண்டும் அல்லது தடையின்மைச் சான்று இணைக்க வேண்டும் என்று அறிவிப்பு கேட்கும். மேலதிகாரியின் மேசையில் விண்ணப்பம் தங்கிவிடும் ஐயம் இருந்தால், முன்நகல் ஒன்றை நேரடியாக அனுப்பி, மூலம் உரிய வழியாக வருகிறது என்று அதன் மேற்புறத்தில் குறிப்பிடலாம். அறிவிப்பு முன்நகலை ஏற்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றாலும், நேர்காணலின்போதோ பணியில் சேரும்போதோ சான்றை நேரில் காட்டச் சொல்வர்.