பிள்ளைகளை மறைக்காமலும் தலைப்பு எழுதலாம்

பாடசாலைப் பக்கங்களுக்கும் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களுக்கும் போஸ்டர் செய்யும் நம்மவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கசக்கவும் செய்யும்.

நம் பாடசாலைப் படங்களில் பாதி வெள்ளை. வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பர்தா, வெள்ளைச் சுவர், வெயிலில் வெளுத்த வானம். அதன்மேலேயே வெள்ளை எழுத்தில் "தரம் 1 அனுமதி விண்ணப்பம்" என்று எழுதுகிறோம். வாசிக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் நம் கையில் இரண்டு வைத்தியம் இருக்கிறது. ஒன்று, எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. மற்றது, படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. இரண்டும் நோயைவிட மோசம்.

முதலில் கோடு. பருத்த ஆங்கில எழுத்து அதை ஓரளவு தாங்கும். சுழியும் புள்ளியுமாக இருக்கும் நம் எழுத்து தாங்காது. கோடு ண, ன, ழ ஆகியவற்றின் சுழிகளுக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. போனில் படம் சிறுக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி அந்தக் கறுப்பில் கரைந்துபோகிறது. "கல்வி" என்ற சொல்லில் ஒரு புள்ளி போனால் அது என்ன சொல்லாகும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் இங்கே விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பட்டை. குழுப் படத்தில் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஆகச் சின்னப் பிள்ளைகள். பட்டை விழுவது அவர்கள் முகத்தில்தான். தன் பிள்ளையைத் தேடிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் தாய்க்கு நாம் காட்டுவது ஒரு கறுப்புப் பெட்டியை.

இதற்குச் சரியான வழி கிரேடியன்ட். ஓரத்தில் அடர்ந்து, உள்ளே வர வர மெதுவாகக் கரைந்து, ஓசையில்லாமல் முடிந்துபோகும் கருமை. விளிம்பு இல்லாததால் கண் அதில் தடுக்காது. நேரே எழுத்துக்குப் போகும்.

"அதைத்தானே போட்டோம், வேலை செய்யவில்லையே" என்பவர்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கருமை எழுத்தோடு சேர்ந்தே முடிந்துவிடுகிறது. ஓரத்தில் இருக்கும் வரி தெளிவாகத் தெரியும், உள்பக்க வரி வெள்ளையில் மூழ்கும். விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும்.

எவ்வளவு கருமை வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். தூய வெள்ளைப் பரப்பில் வெள்ளை எழுத்து அந்த 4.5ஐத் தொட, பின்னால் ஏறத்தாழ 54 வீதக் கருமை வேண்டும். பெரிய எழுத்துக்கு 42 வீதம். நாம் 60 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை.

1080க்கு 1350 அளவுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே வானமும் சுவரும், கீழே பிள்ளைகள். அப்படியானால் தலைப்பும் மேலேதான். இரண்டு வரியும் மேல் ஓரத்திலிருந்து 300 பிக்சலுக்குள் முடிகிறது என்போம். அந்த 300 வரைக்கும் கருமை 60 வீதம் குறையாமல் நிற்கட்டும். அதன்பிறகு 300இலிருந்து 600 வரை கரைந்து இல்லாமல் போகட்டும். முகங்கள் 600க்குக் கீழே தொடங்கினால் ஒரு பிள்ளையின் முகத்திலும் நிழல் விழாது. செயலியில் கரையும் இடத்தை மாற்ற முடியாவிட்டால் கிரேடியன்ட் படத்தையே கீழே நீளமாக இழுத்து, கடைசி வரியைப் பாருங்கள். முதல் வரியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

"படம் இருண்டுபோகுமே" என்பார்கள். இருளும், வானமும் சுவரும் மட்டும். அவற்றை யாரும் தேடி வரவில்லை. அப்பட்டமான கறுப்பு அழுக்காகத் தெரிந்தால், படத்திலேயே உள்ள மரத்தின் கரும்பச்சையையோ கடலின் கருநீலத்தையோ எடுத்து அதே வேலையைச் செய்யலாம். நிறம் கறுப்பைவிட வெளிறியது என்பதால் அடர்த்தியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

படம் முழுக்க முகங்கள் என்றால் இந்த வழியும் உதவாது. 60 வீதக் கருமையும் முகத்தை மறைக்கத்தான் செய்யும். அப்போது தலைப்பைப் படத்துக்கு வெளியே, தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அனுப்புவதற்கு முன் போனின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, முற்றத்து வெயிலில் நின்று படத்தைப் பாருங்கள். கடைசி வரி தடையில்லாமல் வாசிபட வேண்டும். கருமை போட்டிருப்பதே தெரியக் கூடாது. எழுத்துக்கு முன் கருமை கண்ணில் பட்டால் அது கூடிப்போய்விட்டது. திகதியைத் தேட வேண்டியிருந்தால் அது போதவில்லை.