0.75-ஐயும் 4.5-ஐயும் ஒரே தராசில் நிறுத்துவோருக்கு

சென்ற வாரம் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கில், முதுநிலை மாணவர் ஒருவர் தமது ஆய்வுத் திட்டத்தை முன்வைத்தார். ஆலை ஒன்றில் 95 டிகிரி வெந்நீர் நாள்தோறும் குளிர்விக்கப்பட்டு வீணாகிறது. அவ்வெப்பத்தைக் கொண்டு உறிஞ்சல் முறைக் குளிர்பதன எந்திரம் ஒன்றை ஓட்டிக் குளிர்நீர் பெறலாம் என்பது அவர் கருத்து. மதிப்பீட்டாளர் ஒரே வாக்கியத்தில் அதை முடித்துவைத்தார்: "உன் எந்திரத்தின் செயல்திறன் குணகம் 0.75, கம்பிரசருக்கு 4.5, ஆறு மடங்கு தாழ்ந்த ஒன்றுக்கு ஏன் இத்தனை உழைப்பு?" அரங்கு சிரித்தது. மாணவர் அமர்ந்துவிட்டார்.

அன்று மாலை ஆரியசாலையில் உள்ள என் அறைக்குத் திரும்பினேன். சாலைக் கடைவீதியின் இக்கோடியில் கடைகளின் பின்சுவர்களில் தொங்கும் கம்பிரசர் பெட்டிகள் சந்துக்குள் வெப்பக்காற்றை ஊதிக்கொண்டிருக்கும்; அவற்றைக் கடந்துதான் படியேற வேண்டும். அந்தப் பெட்டிகளின் 4.5 எங்கிருந்து வருகிறது என்பதை அரங்கில் எவரும் கேட்கவில்லையே என்ற எண்ணமே இப்பதிவுக்குக் காரணம்.

செயல்திறன் குணகம் என்பது பெற்ற குளிர்ச்சியைக் கொடுத்த ஆற்றலால் வகுத்த ஈவு. கம்பிரசர் எந்திரத்தில் வகுக்கும் எண் மின்சாரம், அதாவது வேலை. உறிஞ்சல் எந்திரத்தில் அது வெப்பம்.

COP = Qe / (Qg + Wp)

Qe குளிர்விக்கும் ஆவியாக்கி உட்கொள்ளும் வெப்பம். Qg கரைசலைக் கொதிக்கவைக்கும் ஜெனரேட்டருக்கு நாம் தரும் வெப்பம். Wp கரைசல் பம்பின் வேலை. வேலையும் வெப்பமும் ஒரே அலகில் அளக்கப்படுவதால் ஒரே பொருளாகிவிடுவதில்லை. இதை இரண்டாம் விதியைப் பயிற்றுவிக்கும் துறையிலேயே நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

அந்த 0.75 வானத்திலிருந்து விழுந்ததன்று; கணக்கிட்டே பார்ப்போம். நீர் குளிர்பொருள், லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சுபொருள். ஆவியாக்கி 7 டிகிரி, உறிஞ்சியை விட்டு வெளியேறும் கரைசல் 37 டிகிரி, கண்டென்சர் 40 டிகிரி, ஜெனரேட்டர் 85 டிகிரி என்று கொள்வோம். இந்த நான்கு வெப்பநிலைகளும் தெரிந்தால் டூரிங் வரைபடத்திலிருந்து இரண்டு செறிவுகள் கிடைக்கின்றன: உறிஞ்சியிலிருந்து வரும் நீர்த்த கரைசலில் உப்பு 55 சதவீதம், ஜெனரேட்டரிலிருந்து திரும்பும் அடர்கரைசலில் 60 சதவீதம்.

உப்பு எங்கும் போவதில்லை என்பதால், ஒரு கிலோ நீராவி பிரிய எவ்வளவு கரைசல் சுற்றிவர வேண்டும் என்பது உடனே தெரிகிறது: 60-ஐ இரண்டு செறிவுகளின் வேறுபாடான 5-ஆல் வகுக்க 12. அதாவது 12 கிலோ நீர்த்த கரைசல் மேலே ஏறுகிறது. 1 கிலோ ஆவியாகப் பிரிகிறது. 11 கிலோ அடர்கரைசல் திரும்புகிறது.

அந்த 1 கிலோ நீர் கண்டென்சரில் திரவமாகி, ஆவியாக்கியில் மீண்டும் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,346 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. இதுவே நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி. ஜெனரேட்டரில் கொடுக்க வேண்டியதற்கு வெப்பச் சமநிலை எழுதலாம். வெளியேறும் ஆவி 2,659 கிலோஜூல். வெளியேறும் அடர்கரைசல் கிலோவுக்கு 202.5 வீதம் 11 கிலோ. உள்ளே வரும் நீர்த்த கரைசல் கிலோவுக்கு 87.4 வீதம் 12 கிலோ. முதலிரண்டின் கூட்டலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஏறக்குறைய 3,838 கிலோஜூல். ஈவு 0.61. இரு கரைசல்களுக்கும் இடையே 70 சதவீதப் பயன்திறனுள்ள வெப்பப் பரிமாற்றி ஒன்றை வைத்தால், திரும்பும் அடர்கரைசல் ஏறக்குறைய 713 கிலோஜூலை மேலேறும் கரைசலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஜெனரேட்டரின் தேவை 3,125 ஆகக் குறைகிறது. ஈவு 0.75. பம்பின் வேலையோ, அழுத்த வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டால் 0.05 கிலோஜூல்; அதனால்தான் பாடநூல்கள் அதை விட்டுவிடுகின்றன.

இந்த 0.75 தாழ்ந்ததா? எந்த எந்திரத்தையும் அதன் இயற்கை எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். வெப்பத்தால் ஓடும் குளிர்பதனத்தின் உச்ச எல்லை இரண்டு கார்னோ எண்களின் பெருக்கல். வெப்பம் வெளியேறும் நிலையை 38 டிகிரி எனக் கொண்டால், 7 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு வெப்பத்தை ஏற்றும் குளிர்பதனத்துக்கு உச்சம் 9.03. 85 டிகிரிக்கும் 38 டிகிரிக்கும் இடையே இயங்கும் வெப்ப எந்திரத்துக்கு உச்சம் 0.131. பெருக்கினால் 1.19. நம் 0.75 அந்த எல்லையில் 63 சதவீதம். அதே வெப்பநிலைகளில் கம்பிரசரின் எல்லை 9.03, அதன் 4.5 அதில் பாதி. தன் எல்லையை அதிகம் நெருங்கி நிற்பது அரங்கம் சிரித்த எந்திரம்தான்!

இனி மாணவரின் ஆலைக்கு வருவோம். 200 கிலோவாட் வெப்பம் கிடைக்கிறது என்று கொள்வோம். உறிஞ்சல் எந்திரம் 150 கிலோவாட் குளிர்ச்சி தரும். கம்பிரசரே வேண்டும் என்பவர் அதே வெப்பத்திலிருந்து முதலில் மின்சாரம் எடுக்கட்டும். உராய்வே இல்லாத கார்னோ எந்திரம் கூட 85 டிகிரி வெப்பத்திலிருந்து 26 கிலோவாட் மின்சாரத்துக்கு மேல் தர இயலாது. அதைக் கம்பிரசருக்கு ஊட்டினால் 118 கிலோவாட் குளிர்ச்சி. உண்மையான எந்திரம் 6 சதவீதம் தந்தால் 12 கிலோவாட் மின்சாரம், 54 கிலோவாட் குளிர்ச்சி. ஆறு மடங்கு தாழ்ந்தது எனப்பட்ட எந்திரம் இங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்ந்து நிற்கிறது. மதிப்பீட்டாளர் பிழையான எண்ணைச் சொல்லவில்லை; அவ்வெண்ணின் கீழே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டார்.

ஆனால் என் வழக்கு ஒரு பக்கத்தோடு நிற்காது. உறிஞ்சல் முறையை ஆதரிக்கும் நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். எரிவாயுவை எரித்து ஒற்றை விளைவு எந்திரத்தை ஓட்டுவதும் சிக்கனம் என்று எழுதுவோர் நம்மிடையே உண்டு. 85 சதவீதத் திறனுள்ள கொதிகலன் என்றால் எரிபொருளின் ஓர் அலகுக்கு 0.64 அலகு குளிர்ச்சிதான். அனல் மின் நிலையத்தில் எரிந்து, கம்பிகளில் இழந்து, 30 சதவீதமாக வந்துசேரும் மின்சாரம்கூடக் கம்பிரசர் வழியே 1.35 அலகு தருகிறது. அங்கே நாம் தோற்கிறோம், ஒப்புக்கொள்வதே அறம்.

சூரிய வெப்பத்திலும் இதே நிலைதான். வெற்றிடக் குழாய் வெப்பச்சேகரிப்பி 90 டிகிரியில் பாதித் திறனோடு இயங்கினால், ஓர் அலகு வெயிலுக்கு 0.38 அலகு குளிர்ச்சி. அதே கூரையில் 18 சதவீதத் திறனுள்ள சூரிய மின்பலகையும் கம்பிரசரும் 0.81 தருகின்றன. குருகிராம் அருகே குவால் பஹாரியில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவன வளாகத்தில், பரவளையத் தொட்டிகளால் வெயிலைக் குவித்து 100 கிலோவாட் மும்மடி விளைவு எந்திரத்தை இயக்கியதன் காரணம் இதுதான்: வெப்பநிலையை உயர்த்தினால்தான் கார்னோ எல்லையும் ஈவும் உயரும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். மேகமும் ஈரப்பதமும் வெயிலைச் சிதறடிக்கும் நம் நகரத்துக்கு அவ்வழியை அப்படியே பெயர்க்க முடியாது.

நம்மவர்கள் மறைக்கும் இன்னொன்று கழிவு வெப்பம். ஜெனரேட்டருக்குக் கொடுத்ததும் ஆவியாக்கி எடுத்ததும் சேர்ந்து வெளியேற வேண்டும். ஓர் அலகு குளிர்ச்சிக்கு 2.33 அலகு, கம்பிரசருக்கு 1.22. ஆகவே குளிர்விப்புக் கோபுரம் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். அதன் விசிறியும் நீர்ப் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. பம்பின் வேலை புறக்கணிக்கத்தக்கது என்ற பாடநூல் வாக்கியம் கரைசல் பம்புக்கு மட்டுமே உரியது. அதைக் காட்டிக் குளிர்ச்சி இலவசம் என்று எழுதுவது ஏமாற்று.

ஈரமான காற்றில் கோபுரத்து நீர் எளிதில் குளிர்வதில்லை என்பது இங்கே கூடுதல் இடர். உறிஞ்சியும் கண்டென்சரும் 3 டிகிரி மட்டும் சூடேறுகின்றன, மற்றவை மாறவில்லை என்று கொள்ளுங்கள். நீர்த்த கரைசலின் செறிவு 56.6 ஆக ஏறுகிறது. அடர்கரைசலின் செறிவு 58.4 ஆக இறங்குகிறது. 5 ஆக இருந்த இடைவெளி 2-க்கும் கீழ். 12 கிலோ சுற்றிய இடத்தில் 30 கிலோவுக்கு மேல் சுற்ற வேண்டும். பம்பு அதே பம்பாக இருந்தால் குளிர்ச்சி பாதிக்கும் கீழே விழும். இழந்ததை மீட்க ஜெனரேட்டரை மேலும் சூடாக்கினால் அடர்கரைசல் மிகையாகச் செறிந்து, வெப்பப் பரிமாற்றியில் குளிரும்போது படிகமாக உறைந்து குழாயை அடைத்துவிடும்.

இறுதியாக, அளவீடு. குளிர்நீர் 12 டிகிரியில் நுழைந்து 7 டிகிரியில் வெளியேறுகிறது. வேறுபாடு 5 டிகிரி. ஒவ்வொரு வெப்பமானியிலும் அரை டிகிரிப் பிழை எதிரெதிர்த் திசையில் இருந்தால், ஈவில் 20 சதவீதம் பிழை. நான் பார்வையிட்ட ஆய்வேடு ஒன்றில் ஒற்றை விளைவு எந்திரத்துக்கு 0.93 என்று எழுதியிருந்தது. ஜெனரேட்டருக்கு 100 கிலோவாட், ஆவியாக்கியில் 93. உள்ளே வந்தது 193. அவர் அட்டவணையிலேயே கோபுரத்து நீர் எடுத்துச் சென்றது 175. காணாமற்போன 18-ஐ எவரும் தேடவில்லை. ஜெனரேட்டர் அளவும் கோபுர நீர் அளவும் சரியெனில், ஆவியாக்கி எடுத்தது 75 மட்டுமே, ஈவு 0.75.

ஆதலால் மதிப்பீட்டாளர்களிடம் என் கோரிக்கை எளியது. செயல்திறன் குணகத்தைத் தனி எண்ணாக ஏற்காதீர்கள். வெப்பமா வேலையா, எந்த வெப்பநிலையில், கோபுரத்தின் மின்சாரம் சேர்த்தா சேர்க்காமலா, வெப்பச் சமநிலை எத்தனை சதவீதத்துக்குள் மூடுகிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடையளிக்க இயலாத மாணவரைத் திருப்பி அனுப்புங்கள், நானும் உடனிருப்பேன். அன்று அமர்ந்துவிட்ட மாணவரிடம் இவற்றில் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை.

மேலுள்ள கணக்கில் பிழை கண்டால் எண்ணோடு சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.