பத்துக்குப் பன்னிரண்டு அறையில் காளான்



‘வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, காளான் போடலாமா?’ என்று கேட்டு உங்களில் பலர் எழுதுகிறீர்கள். போடலாம். ஆனால் அறையை அளப்பதற்கு முன்னால் அளக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு நாளில் எத்தனை கிலோ விற்க முடியும்? பறித்த சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாள்தான் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள். அதனால் விற்பனையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

தினம் ஒரு கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலம் ஐந்து விற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அரை கிலோ காய்ந்த வைக்கோலில் போட்ட ஒரு படுக்கை, மூன்று அறுவடையிலும் சேர்த்து ஏறக்குறைய அரை கிலோ காளான் தரும். ஆக, தினம் இரண்டு படுக்கை போட்டால் தினம் ஒரு கிலோ கிடைக்கும். ஒரு படுக்கையின் ஆயுள் சுமார் 45 நாள் என்பதால், அறையில் எப்போதும் 90 படுக்கை இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இதற்குத் தாராளமாகப் போதும். நாலடியைத் திரை போட்டுத் தடுத்து, வித்து பரவும் இருட்டறை ஆக்குங்கள். மீதி எட்டடியில் உறி கட்டி, ஓர் உறிக்கு நான்கு படுக்கை வீதம் தொங்கவிடுங்கள். தரையில் மணல் பரப்பி, சுவரோரம் சாக்கு தொங்கவிட்டு, இரண்டையும் ஈரமாக வைத்துக்கொண்டால் அறை குளிர்ந்து நிற்கும். வெயில் நேராக இறங்கும் சிமென்ட் ஓட்டு மாடியறை இதற்கு ஆகாது.

படுக்கை போடும் வேலையில் நல்லதும் கெட்டதும் வைக்கோலின் ஈரத்தில்தான் இருக்கிறது. புது வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேகவைத்து, சுத்தமான நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அதுதான் பதம். சொட்டச் சொட்ட அடைத்தால் சில நாளில் புளித்த வாடை வரும். குடை மாதிரி மெலிந்த, தொட்டால் கறுத்துக் கரையும் களைக்காளான் முளைக்கும். பாலித்தீன் பையில் வைக்கோலை அடுக்கடுக்காக அழுத்தி, ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் வித்தைத் தூவி, வாயைக் கட்டுங்கள். காற்றுக்காகப் பையின் நடுவில் இரண்டு துளை இடுங்கள். வாங்கும்போதே வித்தைப் பாருங்கள். தானியமெல்லாம் வெண்பூசணம் மூடி இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பையை வாங்காதீர்கள்.

பதினைந்திலிருந்து இருபது நாளில் படுக்கை முழுவதும் வெள்ளையாகிவிடும். பச்சைத் திட்டு தெரிந்தால் அந்தப் படுக்கையை அன்றைக்கே வெளியே எடுத்துத் தொலைவில் புதைத்துவிடுங்கள். கெட்ட இடத்தை மட்டும் கிள்ளி எறிந்து காப்பாற்றப் பார்ப்பவர்கள், பக்கத்துப் படுக்கைகளையும் சேர்த்துப் பறிகொடுக்கிறார்கள். வெள்ளையான படுக்கையை வளர்ப்பறைக்கு மாற்றிப் பையைக் கீறிவிட்டு, தினம் இரண்டு மூன்று வேளை பனி போலத் தண்ணீர் தெளித்தால், நாலைந்து நாளில் மொட்டு வரும். அடுத்த மூன்று நாளில் பறிக்கலாம். அறையில் காற்றோட்டம் குறைவு என்பதைக் காளானே சொல்லிவிடும்: காம்பு நீண்டு, தலை சிறுத்துப் போகும். ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. பறிப்பதற்கு முன் தண்ணீர் தெளிக்காதீர்கள். நனைந்த காளான் பொட்டலத்துக்குள் அன்று மாலையே குழைந்துவிடும்.

வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. முற்றிய சிப்பிக்காளான் கண்ணுக்குத் தெரியாத தூள் போன்ற வித்துக்களை உதிர்க்கும். தொடர்ந்து சுவாசித்தால் இருமலும் மூச்சிரைப்பும் வரும். ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிடுங்கள். அறைக்குள் முகக்கவசம் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், புழங்கும் அறைகளை ஒட்டி இதை வைக்கவே வேண்டாம்.

இனி பணக் கணக்கு. ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். நான் ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். தடுப்பு, வலை, சாக்கு, மணல், உறிக்கயிறு எல்லாம் 7,000 ரூபாய். வேகவைக்க டிரம், அடுப்பு 4,000. தெளிப்பான், தராசு, பொட்டலம் ஒட்டும் கருவி, ஈரப்பதமானி 6,000. ஆக முதலீடு 17,000. முதல் 45 நாளுக்கான வைக்கோல், வித்து, விறகுக்கு இன்னொரு 4,000 கையில் இருக்கட்டும். முதல் காளானைப் பார்க்கவே மூன்றரை வாரம் ஆகும்.

தினச் செலவு: ஒரு பை வித்து 50, ஒரு கிலோ வைக்கோல் 10, எரிபொருள் 20, பைகள், பொட்டலம் உள்பட எல்லாம் சேர்த்து நூறு ரூபாய். வரவு: மூன்று பொட்டலம் நேரடியாக 45 ரூபாய்க்கும், இரண்டு கடைக்கு 35 ரூபாய்க்கும் கொடுத்தால் 205. பத்தில் ஒரு படுக்கை கெடும் என்று கழித்தால் 185. மிஞ்சுவது நாளுக்கு 85, மாதத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். முதலீடு திரும்ப ஏழு மாதம் ஆகும். நம் உழைப்புக்கு இதில் கூலி போடவில்லை. இந்த அறை தருவது ஒரு பக்க வருமானம். இதே அறையிலிருந்து மாதம் முப்பதாயிரம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ‘பணம் கட்டி வித்து வாங்குங்கள், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்பவர்களிடமும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மேலே உள்ள கணக்கில் லாபத்தை நிர்ணயிப்பது கடைக்கும் வீட்டுக்கும் உள்ள அந்தப் பத்து ரூபாய்தான். அதனால் நடந்து போய்க் கொடுக்கக்கூடிய வீடுகளில் இருபது, முப்பது பேரைப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் முந்தைய நாள் இரவே கேட்டு வைத்து, விடிகாலையில் பறித்து, சமைக்கும் முன் கொடுத்துவிடுங்கள். மிச்சத்துக்கு ஒரு காய்கறிக் கடையும் ஒரு உணவகமும் போதும். பொட்டலம் போட்டு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். புரட்டாசியிலும் ஐயப்பன் மாலை போடும் நாட்களிலும் கேட்பு கூடும். அதற்கு ஒன்றரை மாதம் முன்பே படுக்கையைக் கூட்டத் தொடங்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் சிப்பிக்காளான் திணறும். அப்போது படுக்கையைக் குறையுங்கள், அல்லது சூட்டைத் தாங்கும் பால்காளானுக்கு மாறுங்கள். விற்காததை வெயிலில் உலர்த்தலாம். ஆனால் பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காளான் பயிற்சி நடக்கிறது. முதலில் அங்கே போய்க் கையால் படுக்கை போட்டுப் பழகுங்கள். பிறகு பத்துப் படுக்கை மட்டும் போட்டு, விளைந்த ஐந்து கிலோவையும் உங்கள் தெருவிலேயே விற்றுப் பாருங்கள். விற்று முடித்த பிறகு அறைக்குத் தடுப்பு போடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்