வெயிட்டேஜ் 95 என்று நின்றால்

வெண்டர் தேர்வுக்கான மதிப்பெண் அட்டவணை கமிட்டிக்குப் போகும் முன் யாரோ ஒருவர் வெயிட்டேஜ்களைக் கூட்டிப் பார்க்கிறார். 100 வர வேண்டிய இடத்தில் 95 வருகிறது. பல அலுவலகங்களில் அடுத்து நடப்பது இதுதான்: ஒவ்வொரு வெயிட்டேஜையும் 95ஆல் வகுத்து 100ஆல் பெருக்கிவிடுவார்கள். கூட்டுத்தொகை 100 ஆகிவிடும். வெண்டர்களின் வரிசையும் அப்படியே இருக்கும். ரேங்க் மாறவில்லை, ஆகவே பாதகமில்லை என்று கோப்பில் ஒரு குறிப்பு ஏறும்.

ரேங்க் மாறாததால் எதுவும் நிரூபணமாகவில்லை. எல்லா வெண்டரின் மொத்தத்தையும் ஒரே எண்ணால் வகுத்தால் வரிசை மாற வழியே கிடையாது. வெயிட்டேஜ் எவ்வளவு தப்பாக இருந்தாலும் அந்தச் சோதனை தேறிவிடும். நாம் தேட வேண்டியது, அந்த 5 எந்த வரியில் தொலைந்தது என்பதை.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆலையின் ஏர் கம்ப்ரசர்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். மூன்று வெண்டர்கள்: க, ச, த. ஒவ்வொரு வரியிலும் 10க்கு இத்தனை என்று மதிப்பெண். மொத்தத்தில் 100க்கு 70 எடுக்காதவர் தகுதி இழப்பார் என்பது நிபந்தனை.

| வரி | வெயிட்டேஜ் | க | ச | த |
|---|---|---|---|---|
| விலை | 40 | 9 | 7 | 6 |
| வேலைத் தரம் | 25 | 6 | 8 | 8 |
| அழைத்தால் வரும் வேகம் | 15 | 7 | 7 | 8 |
| உதிரிபாக இருப்பு | 10 | 6 | 9 | 8 |
| நிதிநிலை | 5 | 7 | 8 | 7 |
| மொத்தம் | 95 | 71.0 | 71.5 | 67.5 |

ச அரை மதிப்பெண்ணில் முந்துகிறது. த 70ஐத் தொடாமல் வெளியே போகிறது. 95ஆல் வகுத்தால் முறையே 74.7, 75.3, 71.1. வரிசை அதேதான். ஆனால் த இப்போது உள்ளே வந்துவிட்டது! வகுப்பது யாரையும் பாதிக்காது என்ற பேச்சு, தகுதி மதிப்பெண் ஒன்று வைத்திருக்கும் அட்டவணையில் எடுபடாது.

இனி அந்த 5ஐ ஒவ்வொரு வரியிலும் வைத்துப் பார்ப்போம். முழு அட்டவணையையும் திரும்பப் போட வேண்டியதில்லை. ஒரு வரியில் 5 கூட்டினால், இரண்டு வெண்டர்களுக்கு இடையிலான இடைவெளி, அந்த வரியில் அவர்கள் வாங்கிய மதிப்பெண்களின் வித்தியாசத்தில் பாதி அளவுக்கு நகரும். தரத்தில் கூட்டினால் ச இன்னும் 1 மதிப்பெண் முன்னே போகும். வரும் வேகத்தில் இருவரும் சமம், அதனால் அசைவில்லை. உதிரிபாகத்திலும் நிதிநிலையிலும் ச மேலும் முந்தும். விலையில் கூட்டினால் மட்டும் க 75.5, ச 75.0 என்று தலைகீழாகிறது. 45 என்று இருந்ததை யாரோ 40 என்று தட்டியிருந்தால், ஒப்பந்தம் தவறான ஆளுக்குப் போகிறது.

த விஷயம் இதைவிடச் சுவையானது. ஐந்து வரிகளில் எதில் 5ஐச் சேர்த்தாலும் அது 70ஐத் தாண்டிவிடுகிறது. விலையில் சேர்த்தால்கூட 70.5. அதாவது தவறு எந்த வரியில் இருந்தாலும், இப்போதுள்ள தாள் அந்த வெண்டரை அநியாயமாக வெளியே தள்ளியிருக்கிறது. முதலிடத்தைப் பற்றி மட்டுமே யோசிப்பவர் கண்ணில் இது படாது.

இன்னொரு வழியும் உண்டு. ஐந்து வெயிட்டேஜ்களும் சரி, ஆனால் 5 பெறுமானமுள்ள ஆறாவது வரி ஒன்று, உதாரணமாகப் பாதுகாப்புப் பதிவேடு, தாளிலிருந்தே அழிந்துபோயிருக்கலாம். அப்படியானால் அந்த வரியில் க, சவைவிட 1 மதிப்பெண்ணுக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்தால் முடிவு மாறும். சரியாக 1 என்றால் சமன். அந்த மதிப்பெண்கள் நம்மிடம் இல்லாதபோது வகுத்துச் சரிக்கட்டுவது, இல்லாத வரியில் ஒவ்வொரு வெண்டரும் மற்ற வரிகளில் எடுத்த அதே சராசரியை எடுத்ததாக நாமே தீர்மானிப்பதாகும்.

எக்செல் தாளில் செய்யவேண்டிய முதல் சோதனை மிகச் சாதாரணமானது. வெயிட்டேஜ் கட்டம் ஒன்றில் எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் SUM அதைத் தாண்டிப் போய்விடும். மொத்தத்தை எந்த வகையில் எழுதியிருக்கிறோம் என்பதும் முக்கியம்:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/10
=SUMPRODUCT(B2:B6*C2:C6)/10
=COUNTA(B2:B6)-COUNT(B2:B6)
```

முதல் சூத்திரம் எழுத்தான எண்ணைப் பூஜ்யமாக எடுக்கும். அந்த வரியே கணக்கில் இராது. இரண்டாவது, பெருக்கும்போது அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஆக இரண்டாவது வகைத் தாளில் கூட்டுத்தொகை 95 என்று காட்டும், வெண்டரின் மொத்தமோ 100க்குச் சரியாகவே போட்டிருக்கும். அதைப் போய் 95ஆல் வகுத்தால் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறி, 67 வாங்கியவர்கூடத் தகுதி பெற்றுவிடுவார். மூன்றாவது சூத்திரத்தில் 0 தவிர வேறு விடை வந்தால் எண்ணல்லாத கட்டம் இருக்கிறது என்று பொருள். 33.33 மூன்று முறை வந்து 99.99 ஆகும் ரகம் வேறு. அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

பற்றாக்குறையின் அளவும் சில சமயம் பேசும். 9 குறைந்தாலோ கூடினாலோ 12ஐ 21 என்பதுபோல் இலக்கம் இடம்மாறியிருக்கிறதா என்று பழைய கணக்கர்கள் முதலில் பார்ப்பார்கள். கூடுதல் தொகை ஒரு வரியின் வெயிட்டேஜுக்குச் சமமாக இருந்தால், தலைப்பும் அதன் உட்பிரிவுகளும் இரண்டுமாகக் கூட்டப்பட்டிருக்கலாம். இவையெல்லாம் துப்புகள்தான், சான்று ஒப்புதல் பெற்ற ஆவணத்தில் இருக்கிறது.

தொழில்நுட்ப மதிப்பெண்ணையும் விலை மதிப்பெண்ணையும் 70:30 என்று சேர்க்கும் முறையில் இந்தக் கோளாறு வேறு உருவம் எடுக்கும். தொழில்நுட்பத் தாள் 95க்கே போடப்பட்டு அப்படியே 0.70ஆல் பெருக்கப்பட்டால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 69:31 ஆகிவிடும். அதிக மதிப்பெண் எடுத்தவரை 100 என்று வைத்து மற்றவர்களை அதற்கு ஒப்பிடும் தாள் என்றால் இந்த அளவுக் குறைபாடு தானாகவே அடிபட்டுப் போகும். ஆனால் வரி தப்பாக இருந்தால் அந்தத் தவறு அங்கேயும் அப்படியே தங்கும்.

திருத்துபவர் யார் என்பதில் நமது துறை இன்னும் கறாராக இருக்கலாம். வெண்டர் பெயர்களும் மதிப்பெண்களும் கண்ணெதிரே இருக்கும்போது 'விலைக்குத்தான் 45 போட்டிருந்தோம்' என்று யாருக்காவது நினைவு வந்தால், அந்த நினைவை நம்பக்கூடாது. வெயிட்டேஜ் பத்தியை மட்டும் தனியே எடுத்து, மதிப்பீட்டில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்படுவதற்கு முந்தைய தேதியிட்ட குறிப்புடன் வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லவேண்டும். குறிப்பில் 45 இருந்தால் அது தட்டச்சுப் பிழை; திருத்தி, பழைய தாளையும் கோப்பிலேயே வைத்துவிடலாம்.

வெளியிட்ட டெண்டர் ஆவணத்திலேயே 95 இருந்தால்தான் சிக்கல். கடைசித் தேதிக்கு முன் தெரிந்தால் திருத்த அறிவிப்பு போட்டு, தேவையானால் அவகாசமும் நீட்டலாம். திறந்த பிறகு தெரிந்தால், மத்திய அரசுக் கொள்முதலுக்கான பொது நிதி விதிகள் 2017இன் 173ஆம் விதி நம் கையைக் கட்டுகிறது: ஆவணத்தில் இல்லாத புது நிபந்தனையை மதிப்பீட்டில் நுழைக்கக்கூடாது. தனியார் நிறுவனத்துக்கு அந்த விதி இல்லை. ஆனால் தோற்ற வெண்டர் கேட்கும் கேள்வி அதேதான். மேலே போட்டதுபோல் ஒவ்வொரு வரியிலும் வைத்துப் பார்த்து, எல்லா வழியிலும் அதே முதலிடம், அதே தகுதிப் பட்டியல் என்றால், அந்தக் கணக்கை முழுமையாக இணைத்து ஒப்புதல் அதிகாரியின் முடிவுக்கு அனுப்பலாம். நம் கம்ப்ரசர் தாளைப்போல் ஒரு வழியிலாவது புரண்டால், மறு டெண்டர் கோரும் குறிப்பைத்தான் எழுதவேண்டியிருக்கும்.